குரூப் 4 அறிவிக்கையை எளிய தமிழில் எழுதிக் கொடுப்பது எப்படி: தேதியும் சான்றிதழும் பிசகாத முழுமையான வழிகாட்டி

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிக்கை வெளிவந்ததும், நூலகத்துப் படிப்பு வட்டத்திலும் தட்டச்சுப் பயிலகத்திலும் இ-சேவை மையத்து வாசலிலும் அதன் சுருக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டப்படுகிறது. அறிவிக்கையைப் பக்கம் பக்கமாகப் படிக்க நேரமில்லாத பெரும்பாலோர், முக்கியமாகப் பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே தேர்வுக்குப் படிப்பவர்கள், அந்த ஒரு தாளை நம்பித்தான் விண்ணப்பிக்கிறார்கள். ஆகவே அந்தத் தாளில் ஒரு தேதியோ ஒரு சான்றிதழின் பெயரோ தவறினால், இழப்பு எழுதியவருக்கு அல்ல, படித்தவருக்கு.

அந்தத் தாளைத் தயாரிப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கோபிப் பக்கத்தில் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துகொண்டும், புதிதாக இதில் இறங்குபவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டும் வந்திருக்கிறேன். உதாரணத்துக்கு 25.04.2025 நாளிட்ட 07/2025 எண் அறிவிக்கையை எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தேர்வு முடிந்துவிட்டது. முடிந்துபோன ஒன்றை வைத்துப் பழகினால், புதிய அறிவிக்கை வரும் நாளில் எதை எங்கே தேடுவது என்பது கைக்கு வந்திருக்கும். இங்கே வரும் தேதிகளையும் தொகைகளையும் புதிய தாளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

1. எழுதத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தேர்வாணையத்தின் இணையதளமான www.tnpsc.gov.in தளத்திலிருந்து அறிவிக்கையின் தமிழ் வடிவம், ஆங்கில வடிவம் இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப். கோப்பை வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். அது உண்மையான அறிவிக்கையாகவே இருந்தாலும் சில பக்கங்கள் விடுபட்டிருக்கலாம், அல்லது அது முந்தைய ஆண்டினுடையதாக இருக்கலாம். முதல் பக்கத்தில் உள்ள அறிவிக்கை எண்ணையும் நாளையும் பார்த்து, அவற்றை உங்கள் தாளின் மேல் வரியில் முதலில் எழுதுங்கள்.

இரண்டு மொழி வடிவமும் தேவை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ் வடிவத்தில் ஒரு வாக்கியம் நீண்டு சிக்கலாகி, நிபந்தனை எதைச் சேர்ந்தது என்று புரியாத இடங்களில், ஆங்கில வடிவத்தின் அதே பத்தியைப் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதேபோல ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாமே மொழிபெயர்த்தால், விண்ணப்பப் படிவத்தில் விண்ணப்பதாரர் காணப்போகும் சொல்லும் நம் தாளில் உள்ள சொல்லும் வேறு வேறாகிவிடும்.

மூன்றாவதாக எடுக்க வேண்டியது, அதே தளத்தில் தனியாக உள்ள ‘விண்ணப்பதாரர்களுக்கான அறிவுரைகள்’ என்ற ஆவணம். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் திறப்பதே இல்லை. அறிவிக்கை பல இடங்களில் விளக்கத்தை முழுதாகச் சொல்லாமல், அறிவுரைகளின் இன்ன பத்தியைப் பார்க்க என்று அனுப்பிவிடும். சான்றிதழ் யாரிடம் பெறுவது, எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்ற செய்திகளை அங்கேதான் விரிவாகக் காணலாம்.

மூன்றையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் திரையில் மேலும் கீழும் நகர்த்தி ஒப்பிடும்போது வரிசை மாறிப் படிப்பது எளிதில் நடக்கிறது. பதவி வாரியான வயது அட்டவணையைப் போலப் பல பத்திகள் கொண்ட பக்கங்களில் இது கண்டிப்பாக நடக்கும்.

2. தேதிகளை இரண்டு கூறாகப் பிரித்துக்கொள்வது

வேறு எதையும் படிக்கும் முன், அறிவிக்கை முழுவதையும் புரட்டி, தேதி வரும் ஒவ்வோர் இடத்தையும் பேனாவால் வட்டமிடுங்கள். பிறகு அவற்றை இரண்டு கூறாக எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பதாரர் ஏதாவது செய்ய வேண்டிய நாட்கள் ஒரு கூறு. விண்ணப்பதாரரின் தகுதியை ஆணையம் அளந்து பார்க்கும் நாட்கள் இன்னொரு கூறு.

செய்ய வேண்டிய நாட்கள் எல்லார் கண்ணிலும் படும். 2025-இல் விண்ணப்பிக்கக் கடைசி நாள் 24.05.2025, விண்ணப்பத்தைத் திருத்துவதற்கான காலம் 29.05.2025 முதல் 31.05.2025 வரை, தேர்வு 12.07.2025 காலை 9.30 முதல் பிற்பகல் 12.30 வரை. எல்லாத் தாள்களிலும் இவை இருந்தன. திருத்தக் காலத்தை மட்டும் பலர் விட்டுவிட்டார்கள். கடைசி நாளுக்கும் திருத்தக் காலத்துக்கும் இடையில் சில நாட்கள் இடைவெளி இருப்பதால், அது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மூன்றே நாட்கள் திறந்திருக்கும் அந்த வசதி முடிந்த பிறகு எந்த மாற்றமும் ஏற்கப்படாது என்பதால், கடைசி நாளுக்கு இணையான எழுத்தில் அதைப் போட வேண்டும்.

தேர்வு நாளைச் சரிபார்க்கும்போது ஆணையத்தின் ஆண்டுத் திட்ட அட்டவணையை நம்பி எழுதக் கூடாது. 2025-ஆம் ஆண்டுக்கான அட்டவணை முந்தைய அக்டோபரிலேயே வெளிவந்தபோது, குரூப் 4 தேர்வு 13.07.2025 என்று இருந்தது. அறிவிக்கையில் அது 12.07.2025 ஆனது. அட்டவணை என்பது ஆணையம் முன்கூட்டிச் சொல்லும் உத்தேசம். அறிவிக்கை வந்த பின் அறிவிக்கையில் உள்ள நாளே செல்லும்.

ஒரு நாள்தானே என்று நினைக்கலாம். 13 ஞாயிற்றுக்கிழமை, 12 சனிக்கிழமை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வாரக்கூலி கொடுப்பது சனிக்கிழமை. ஞாயிறு என்று நம்பி இருந்தவர், சனிக்கிழமைக்கு முன்கூட்டியே விடுப்புச் சொல்லியாக வேண்டும். ஆகவே தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். அதில் இன்னொரு பயனும் உண்டு: நாட்காட்டியை எடுத்து, நீங்கள் எழுதிய தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால், தட்டச்சில் இலக்கம் மாறியிருப்பது உடனே தெரிந்துவிடும்.

3. தகுதியை அளக்கும் நாட்கள்: அதிகம் தவறும் இடம்

கடைசி நாளைத் தவறவிடுபவரைவிட, தகுதி நாளைத் தெரியாமல் விண்ணப்பித்துவிட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேறுபவரின் நிலை வருத்தமானது. அவர் படித்து, தேர்வெழுதி, மதிப்பெண்ணும் பெற்ற பிறகே அது தெரியவருகிறது. ஆகவே தாளில் இந்தப் பகுதிக்கு அதிக இடம் கொடுங்கள்.

குரூப் 4-இல் வயதைக் கணக்கிடும் நாளும் கல்வித் தகுதியைக் கணக்கிடும் நாளும் வேறு வேறு. 2025-இல் வயது 01.07.2025 அன்று பார்க்கப்பட்டது. கல்வித் தகுதியோ அறிவிக்கை நாளான 25.04.2025 அன்றே இருந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாளான 24.05.2025 இந்த இரண்டில் எதற்கும் அளவுகோல் இல்லை. ‘கடைசி நாளுக்குள் சான்றிதழ் வந்துவிட்டால் போதும்’ என்று வாய்மொழியாகச் சொல்வது இங்கே செல்லாது.

எங்கள் பக்கத்தில் இது அதிகம் தாக்குவது தட்டச்சுப் படித்தவர்களை. ஒவ்வோர் அறிவிக்கையின்போதும் யாராவது ஒருவர், “அண்ணா, டைப்ரைட்டிங் ஹையர் எழுதிட்டேனுங்க, ரிசல்ட்டு இன்னும் வரலீங்க, அப்ளிகேசன் போடலாங்களா?” என்று கேட்பார். இதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லக் கூடாது. தேர்வு எழுதியிருந்தால் போதாது, அதன் முடிவு அறிவிக்கை நாளன்றோ அதற்கு முன்போ வெளியாகியிருக்க வேண்டும். வெளியாகவில்லை என்றால் தட்டச்சர் பதவிக்கு அந்தத் தகுதியைக் காட்ட முடியாது. ஆனால் குரூப் 4 என்பது பல பதவிகளுக்குச் சேர்த்து நடக்கும் ஒரே தேர்வு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு அவர் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ‘போடுங்கள், ஆனால் தட்டச்சர் தகுதி இருப்பதாக விண்ணப்பத்தில் குறிக்காதீர்கள்’ என்பதே சரியான பதில். தாளிலும் இப்படித்தான் எழுத வேண்டும்.

வயதை எழுதும்போது ‘18 வயது நிறைந்திருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. படிப்பவர் தன் பிறந்த நாளைத்தான் அறிவார். அதனால் கணக்கை நீங்களே போட்டுக் கொடுங்கள். 01.07.2025 அன்று 18 நிறைந்திருக்க, 01.07.2007 அன்றோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பதவிக்குக் குறைந்த வயது 21. ஆகவே 01.07.2004 அன்றோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும். 15.08.2004 அன்று பிறந்த ஒருவர் தேர்வு எழுதலாம், இளநிலை உதவியாளராகலாம். ஆனால் அந்த ஆண்டு வி.ஏ.ஓ. ஆக முடியாது. இதைப் பிறந்த தேதியாகவே எழுதிக் காட்டினால் யாரும் கேள்வி கேட்க வர மாட்டார்கள்.

மேல் வயது வரம்பு பதவிக்கும் வகுப்புக்கும் ஏற்ப மாறும். அந்த அட்டவணையை உங்கள் சொந்த வாக்கியங்களில் மாற்றி எழுத முயலாமல், அட்டவணையாகவே, அடிக்குறிப்புகளோடு சேர்த்து எடுத்து எழுதுங்கள். முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கான தளர்வுகள் அடிக்குறிப்பிலும் தனிப் பத்திகளிலும்தான் இருக்கும்.

4. சான்றிதழ்கள்: பெயரை மட்டும் எழுதுவது பயன்படாது

‘தேவையான சான்றிதழ்கள்: மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, தமிழ் வழிச் சான்று’ என்று ஒரு வரியில் முடித்துவிடும் தாள்கள் ஏராளம். அதைப் படித்தவர் வீட்டுப் பீரோவில் அந்தப் பெயரில் ஒரு காகிதம் இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவார். அந்தக் காகிதம் செல்லுமா என்பது வேறு கேள்வி. ஆகவே ஒவ்வொரு சான்றிதழுக்கும், அதைக் கொடுக்கும் அலுவலர் யார், யார் பெயரோடு இணைத்துக் கொடுத்திருக்க வேண்டும், எந்த வடிவத்தில் இருக்க வேண்டும், எந்த நாளுக்குள் பெற்றிருக்க வேண்டும் என்பவற்றைத் தேடி எழுதுங்கள். இந்த நான்கில் ஒன்றுக்கு விடை கிடைக்கவில்லை என்றால், நீங்கள் அறிவுரைகள் ஆவணத்தை இன்னும் முழுதாகப் படிக்கவில்லை என்று பொருள்.

சாதிச் சான்றில் திருமணமான பெண்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அந்தச் சான்று தந்தை பெயரோடு பெறப்பட்டிருக்க வேண்டும். கணவர் பெயரோடு பெற்ற சான்றை ஆணையம் ஏற்காது. திருமணத்துக்குப் பின் குடும்ப அட்டையும் ஆதாரும் மாறிவிடுவதால், இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பிக்கும்போது கணவர் பெயரைப் போட்டுவிடுவது இயல்பாக நடக்கிறது. பிறந்த வீட்டு ஊர் வேறு வட்டத்தில் இருந்தால், மாற்றி வாங்க நாளாகும். ஆகவே இந்த வரியைத் தாளின் அடியில் போடாமல், சாதிச் சான்று என்ற சொல்லுக்கு அடுத்த வரியிலேயே போடுங்கள்.

இன்னொரு குழப்பம் ஓ.பி.சி. சான்று. வங்கி, ரயில்வே தேர்வுகளுக்காக வருமானக் கணக்கோடு வாங்கி வைத்திருக்கும் ஓ.பி.சி. சான்று மத்திய அரசுப் பணிகளுக்கானது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டில் ‘கிரீமி லேயர்’ என்ற வருமான வடிகட்டல் இல்லை. தோட்டமும் தறியும் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், ஓ.பி.சி. சான்று கிடைக்கவில்லை என்பதற்காகப் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிடும் தவறு கொங்குப் பகுதியில் நடக்கிறது. குரூப் 4-க்குத் தேவையானது மாநில அரசின் சாதிச் சான்று மட்டுமே என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

தமிழ் வழிச் சான்று 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீட்டுக்கானது. பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட பதவிகளுக்கு, முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. முதலாவது, ஐந்தாம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளியில் ஆங்கில வழியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வந்தவர், பத்தாம் வகுப்புச் சான்றில் தமிழ் வழி என்று இருப்பதை மட்டும் பார்த்து இந்த ஒதுக்கீட்டைக் கோரிவிடுவது. இரண்டாவது, பல பள்ளிகளில் படித்தவர் கடைசிப் பள்ளியில் மட்டும் சான்று வாங்குவது. தேனியிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ திருப்பூருக்கு வேலை தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள், தொடக்கப் பள்ளியை ஓர் ஊரிலும் உயர்நிலைப் பள்ளியை இன்னோர் ஊரிலும் முடித்திருப்பார்கள். எந்தெந்தப் பள்ளியில் எந்தெந்த வகுப்பு என்று, படித்த ஆண்டுகள் அனைத்துக்கும் சான்று வேண்டும். வடிவம் அறிவிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும். அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தாளோடு சேர்த்துக் கொடுப்பது நல்லது, ஏனென்றால் பள்ளி அலுவலகத்தில் கேட்கும் முதல் கேள்வி ‘ஃபார்மேட் இருக்கா?’ என்பதுதான்.

ஆதரவற்ற விதவைச் சான்று என்பதைக் கணவரை இழந்தவர் பெறும் பொதுவான விதவைச் சான்றோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. இதைக் கொடுப்பவர் கோட்டாட்சியர், உதவி ஆட்சியர் அல்லது சார் ஆட்சியர். வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்ற விதவைச் சான்று இதற்கு ஈடாகாது. ஈரோடு மாவட்டத்தில் என்றால் ஈரோடு அல்லது கோபி, திருப்பூர் மாவட்டத்தில் என்றால் திருப்பூர், தாராபுரம் அல்லது உடுமலை என்று, எந்தக் கோட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தால் ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும். கணவரைப் பிரிந்தவரும் விவாகரத்துப் பெற்றவரும் இந்தப் பிரிவில் வர மாட்டார்கள் என்பதையும் கனிவான சொற்களில், ஆனால் சந்தேகமில்லாமல் எழுத வேண்டும்.

5. கட்டணமும் பதிவும்

ஒருமுறைப் பதிவு வேறு, தேர்வுக்கு விண்ணப்பிப்பது வேறு. பதிவுக் கட்டணம் 150 ரூபாய், அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தேர்வுக் கட்டணம் 2025-இல் 100 ரூபாய். பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, விண்ணப்பித்தாயிற்று என்று எண்ணிக் கடைசி நாளைக் கடத்திவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘பதிவு செய்தால் மட்டும் விண்ணப்பித்ததாக ஆகாது’ என்ற ஒரு வரி இதைத் தடுத்துவிடும்.

கட்டணச் சலுகையை எழுதும்போது ‘பிற்படுத்தப்பட்டோருக்கு இலவசம்’ என்று எழுதுவது தவறு. ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், நிர்ணயிக்கப்பட்ட குறைபாடுடைய மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்குத் தேர்வுக் கட்டணம் முழுமையாக விலக்கு. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கும் மூன்று முறை மட்டும், முன்னாள் படைவீரருக்கு இரண்டு முறை மட்டும். அந்த வாய்ப்புகளை முன்பே பயன்படுத்தி முடித்தவர் மீண்டும் சலுகை கோரினால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். எத்தனை முறை பயன்படுத்தினோம் என்பது உறுதியாக நினைவில்லாதவர், 100 ரூபாயைக் கட்டிவிடுவதே பாதுகாப்பு என்று நான் எப்போதும் சொல்வேன்.

6. அரசு வாக்கியத்தை எளிய வாக்கியமாக்குவது

எளிமையாக்குவதில் நடக்கும் பெரிய தவறு, நிபந்தனையைச் சுருக்கும்போது அலகை மாற்றிவிடுவது. தேர்வு முறையைப் பாருங்கள். பகுதி அ தமிழ் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு: 100 கேள்விகள், 150 மதிப்பெண். பகுதி ஆ பொது அறிவு 75 கேள்விகளும் திறனறிவு 25 கேள்விகளுமாக 100 கேள்விகள், 150 மதிப்பெண். பகுதி அ-வில் 40 விழுக்காடு பெறாவிட்டால் பகுதி ஆ திருத்தப்படாது.

இதைச் சுருக்கி ‘தமிழில் 40 எடுக்க வேண்டும்’ என்று எழுதிய தாள்கள் சுவரில் தொங்கியிருக்கின்றன. அதைப் படித்தவர் 40 மதிப்பெண் என்று எடுத்துக்கொள்வார். 150-இல் 40 விழுக்காடு என்பது 60 மதிப்பெண். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால், 60 மதிப்பெண்ணுக்கு 40 கேள்விகள் சரியாக இருக்க வேண்டும். விழுக்காடும் 40, கேள்வியும் 40, மதிப்பெண் மட்டும் 60 என்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. எனவே தாளில் இப்படி எழுதுங்கள்: ‘தமிழ்ப் பகுதியில் 100 கேள்விகளில் குறைந்தது 40 கேள்விகளுக்குச் சரியான விடை, அதாவது 150-க்கு 60 மதிப்பெண், பெற வேண்டும். பெறாவிட்டால் மற்ற பகுதியைத் திருத்த மாட்டார்கள்.’

அடுத்தது, இரண்டு பகுதிக்கும் சேர்த்து 300-க்கு 90 மதிப்பெண் என்ற குறைந்தபட்ச வரம்பு. இதைத் ‘தேர்ச்சி மதிப்பெண்’ என்று எழுதினால், 90 எடுத்தால் வேலை என்று புரிந்துகொள்ளப்படும். தரவரிசையில் இடம்பெறத் தேவையான அடிப்படைதான் அது. வேலை கிடைப்பது தரவரிசையையும் காலியிடத்தையும் இடஒதுக்கீட்டையும் பொறுத்தது என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

ஓ.எம்.ஆர். தாளில் ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டம் இருப்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பள்ளித் தேர்வுப் பழக்கத்தில் தெரியாத கேள்வியை வெறுமனே விட்டுவிடுவார்கள். இங்கே அந்த வட்டத்தை நிரப்ப வேண்டும், ஒவ்வொரு வட்டத்தையும் எத்தனை கேள்விக்கு நிரப்பினோம் என்ற எண்ணிக்கையையும் எழுத வேண்டும். தவறினால் மதிப்பெண் குறைக்கப்படும் என்பதால், எவ்வளவு என்பதை அவ்வாண்டு அறிவுரைகளிலிருந்து அப்படியே எடுத்து எழுதுங்கள்.

சொல் தேர்வில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ‘வேண்டும்’ என்று இருக்கும் இடத்தில் ‘நல்லது’ என்றும், ‘கோரலாம்’ என்று இருக்கும் இடத்தில் ‘கிடைக்கும்’ என்றும் மாற்றாதீர்கள். பதவியின் பெயர், சான்றிதழின் பெயர், அறிவிக்கை எண் ஆகியவற்றை அறிவிக்கையில் உள்ளபடியே வைத்து, பேச்சுவழக்குப் பெயரை அதற்குப் பக்கத்தில் போடுங்கள். விண்ணப்பத் தளமான www.tnpscexams.in திரையில் அலுவல் பெயர்தான் இருக்கும்.

7. மூலத்தோடு சரிபார்த்தல்

எழுதியவரே சரிபார்த்தால் தன் தவறு தன் கண்ணில் படாது. ஆகவே இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் அறிவிக்கையின் பத்தியை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் உங்கள் தாளில் அந்தச் செய்தி உள்ள இடத்தைத் தொட்டு, இலக்கம் இலக்கமாக ஒத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனதும் ஓரத்தில் அறிவிக்கையின் பத்தி எண்ணை எழுதிவிடுங்கள். அந்தப் பத்தி எண் ஒட்டும் தாளிலும் இருக்கட்டும். சந்தேகம் உள்ளவர் நேரடியாக மூலத்தின் அந்தப் பத்தியைத் திறக்க முடியும். பத்தி எண் எழுத முடியாத வரி ஒன்று தாளில் இருந்தால், அது எங்கோ கேள்விப்பட்டு எழுதியது. அதை அடித்துவிடுங்கள்.

அடுத்து, ஒரு கற்பனை விண்ணப்பதாரரை வைத்துத் தாளைச் சோதியுங்கள். ஒருவரைச் சொல்கிறேன்: காங்கேயத்தில் குடியிருக்கும் பெண், பிறந்தது 15.08.2004, முதல் ஐந்து வகுப்புகள் தேனிப் பக்கத்தில் தமிழ் வழியிலும் மீதி திருப்பூர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியிலும் படித்தவர், திருமணமானவர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு, தட்டச்சு முடிவு வராதவர், பனியன் கம்பெனியில் வேலை. அவர் உங்கள் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டால், இளநிலை உதவியாளருக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், வி.ஏ.ஓ. பதவிக்கும் தட்டச்சருக்கும் இந்த முறை இயலாது என்றும் கண்டுபிடிக்க வேண்டும். சாதிச் சான்றில் யார் பெயர் இருக்கிறது என்று எடுத்துப் பார்க்க வேண்டும். தேனிப் பள்ளிக்குத் தமிழ் வழிச் சான்றுக்காகப் போக வேண்டும் என்பதும், தேர்வு சனிக்கிழமை என்பதும் தெரிய வேண்டும். கட்டணச் சலுகை மூன்று முறைதான் என்று அறிய வேண்டும். இவற்றில் எதற்கு அவர் உங்களிடம் வந்து கேட்க நேருமோ, அந்த இடத்தில் தாள் குறையாக இருக்கிறது.

முடிந்தால், தேர்வைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேளுங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘நீங்கள் இனி முதலில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

8. ஒட்டிய பிறகு செய்ய வேண்டியவை

அறிவிக்கை வெளிவந்த பின் பிற்சேர்க்கையாகவும் பிழைதிருத்தமாகவும் மாற்றங்கள் வரும். 2024 குரூப் 4 அறிவிக்கையில் 6,244 என்று இருந்த காலிப்பணியிடங்கள், தேர்வு முடிந்த பிறகும் பல முறை கூடி 9,491 ஆயின. இடையில் ஏதோ ஒரு நாளில் நின்றுவிட்ட தாள்கள் வெவ்வேறு எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தன. அவை எழுதப்பட்ட நாளில் சரியாகவே இருந்தவை. எந்த நாளில் எழுதப்பட்டவை என்ற குறிப்பு இல்லாததுதான் குறை.

ஆகவே தாளின் கீழே ‘இந்தத் தாள் இன்ன நாள் நிலவரப்படி சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதுங்கள். விண்ணப்பம் முடியும் வரையிலாவது வாரத்துக்கு ஒரு முறை www.tnpsc.gov.in தளத்தில் அந்த அறிவிக்கை எண்ணுக்கு ஏதாவது பிற்சேர்க்கை வந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசி நாளுக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களிலும் திருத்தக் காலத்திலும் தினமும் பார்க்க வேண்டும்.

மாற்றம் வந்தால் பழைய எண்ணை வெள்ளை மை வைத்து மறைத்துப் புதியதை எழுதாதீர்கள். பழையதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புதியதையும், அது எந்த நாளிட்ட பிற்சேர்க்கையில் வந்தது என்பதையும் எழுதுங்கள். முந்தைய தாளைப் புகைப்படம் எடுத்துப் போனவர் திரும்ப வந்து பார்க்கும்போது, தன்னிடம் உள்ளதில் எது மாறியது என்பது அவருக்கு அப்போதுதான் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்தால், முழுத் தாளையும் மீண்டும் அனுப்புவதோடு, மாறிய வரியைத் தனிச் செய்தியாகவும் அனுப்புங்கள். விண்ணப்பக் காலம் முடிந்ததும் சுவரிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த அறிவிக்கை வரும்போது பழைய தாள் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தால், இரண்டில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பழைய தேதியைக் குறித்துக்கொண்டு போவோர் உண்டு.